ஜீரோ டெப் எடுத்த பிறகும் கையிலிருந்து பணம் போவது எங்கே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜீரோ டெப்ரிசியேஷன்னா என்ன? சாதாரண ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தாலே போதாதா?

விபத்தில் உடைந்த பழைய பாகத்துக்குப் பதிலாகப் புதிய பாகம் போடும்போது, சாதாரண பாலிசி அதன் முழு விலையையும் தருவதில்லை. உங்கள் பாகம் இத்தனை நாள் உழைத்துத் தேய்ந்துவிட்டது என்று ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் தரும். அந்தக் கழிவுக்குத்தான் டெப்ரிசியேஷன், அதாவது தேய்மானம் என்று பெயர். ஜீரோ டெப் எடுத்திருந்தால் அந்தக் கழிவு இருக்காது. நில் டெப், பம்பர் டு பம்பர் என்று சொல்வதும் இதைத்தான்.

இது தனிப் பாலிசி இல்லை. காருக்கு வரும் சேதத்தை ஈடுசெய்யும் ஓன் டேமேஜ் பாலிசியோடு, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் இணைப்பு. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருப்பவர் இதைச் சேர்க்க முடியாது.

இந்தப் பக்கம் முழுவதையும் புரிந்துகொள்ள ஒரு விஷயம் போதும். க்ளெய்மில் பணம் பல இடங்களில் கழியும். ஜீரோ டெப் அதில் ஒரே ஒரு கழிவை மட்டும் நீக்குகிறது. அடிப்படைப் பாலிசி எந்தச் சேதத்தை ஏற்கவில்லையோ, அதை ஜீரோ டெப்பும் ஏற்காது.

தேய்மானம்னு எவ்வளவு கழிப்பாங்க? கார் புதுசா இருந்தா கழிக்க மாட்டாங்கதானே?

புதுக் காருக்கும் கழிப்பார்கள். ஷோரூமிலிருந்து எடுத்த மறுநாளே பம்பர் உடைந்தாலும் அதன் விலையில் பாதிதான் சாதாரண பாலிசியில் வரும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், டியூப், பேட்டரி, ஏர்பேக் இவற்றுக்கு வண்டியின் வயது எதுவானாலும் 50 சதவீதக் கழிவு. ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவே இல்லை. அதனால் முன் கண்ணாடி மட்டும் உடைந்தால், ஜீரோ டெப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கண்ணாடியின் விலையில் வித்தியாசம் வராது. அதைச் சுற்றிப் போடும் ரப்பர் பீடிங்கில் மட்டும் பாதி கழியும்.

வயதைப் பார்த்துக் கழிப்பது உலோகம் முதலான மற்ற பாகங்களுக்குத்தான். ஆறு மாதம் வரை கழிவில்லை. அதன் பிறகு ஒரு வயது வரை 5 சதவீதம், இரண்டு வயது வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, ஐந்திலிருந்து பத்து வரை 40, பத்தைத் தாண்டினால் 50.

பெயிண்டிங்குக்குத் தனிக் கணக்கு. பெயிண்ட் பொருளின் விலையில் பாதி கழியும். ஒர்க்‌ஷாப் பொருளையும் கூலியையும் பிரிக்காமல் மொத்தமாக பில் போட்டால், அந்தத் தொகையில் 25 சதவீதத்தைப் பொருளின் விலை என்று வைத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். கழற்றி மாட்டும் கூலி, டிங்கரிங் கூலி எதிலும் தேய்மானம் கிடையாது. ஆகவே பில்லில் கூலியே பெரும்பங்காக இருந்தால் ஜீரோ டெப்பால் பெரிய லாபம் இல்லை.

இப்போதைய கார்களின் முன்பக்கம் பம்பர், கிரில், ஹெட்லேம்ப் எனப் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். சாலையில் அதிகம் அடிபடுவதும் அந்தப் பக்கம்தான். முதல் வருடமே ஜீரோ டெப் தேவை என்று நாங்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

ஒரு உண்மையான பில்லை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

மூன்றரை வயதான 1,197 சிசி பெட்ரோல் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்னால் போன லாரி சட்டென்று பிரேக் போட, கார் அதன் பின்னால் மோதிவிட்டது. தொகைகளைக் கணக்குக்கு வசதியாக முழு எண்களில், வரியும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.

| பில்லில் உள்ளது | தொகை (ரூ.) | சாதாரண பாலிசியில் தேய்மானக் கழிவு (ரூ.) |
|---|---|---|
| முன் பம்பர் | 6,000 | 3,000 |
| ஹெட்லேம்ப் | 10,000 | 5,000 |
| கிரில் | 3,000 | 1,500 |
| பானெட் | 12,000 | 3,000 |
| ஏசி கண்டென்சர் | 8,000 | 2,000 |
| இடது ஃபெண்டர் | 4,000 | 1,000 |
| பெயிண்டிங், மொத்தமாக | 16,000 | 2,000 |
| கூலி | 9,000 | இல்லை |
| கூலன்ட், ஏசி கேஸ், கிளிப்புகள் | 2,000 | இது தேய்மானத்தில் வராது |
| மொத்தம் | 70,000 | 17,500 |

சாதாரண பாலிசியில் தேய்மானம் 17,500, கூலன்ட் வகையறா 2,000, கட்டாயக் கழிவு 1,000 என 20,500 ரூபாய் உங்கள் பங்கு. ஜீரோ டெப் இருந்தால் 17,500 மட்டும் மறையும். 3,000 ரூபாயை நீங்கள் கட்டித்தான் வண்டியை எடுக்க வேண்டும். பூஜ்யம் என்று பெயரில் இருப்பதால் கட்ட வேண்டியதும் பூஜ்யம் என்று நினைத்து வருபவர்கள் டெலிவரி கவுன்டரில் சண்டை போடுவது இந்த 3,000 ரூபாய்க்காகத்தான்.

அந்த 1,000 ரூபாய் எதற்கு? அதைத் தவிர்க்க வழி இல்லையா?

அதன் பெயர் கம்பல்சரி டிடக்டிபிள். தனியார் காரில் 1,500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய், இருசக்கர வாகனத்துக்கு 100 ரூபாய். ஒவ்வொரு க்ளெய்முக்கும் இது கழியும். ஜீரோ டெப் இதைத் தொடாது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது வாலன்டரி டிடக்டிபிள். பிரீமியம் குறையும் என்று ஆன்லைனில் 2,500, 5,000, 7,500, 15,000 என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். 5,000 தேர்ந்தெடுத்தவருக்கு மேலே சொன்ன அதே விபத்தில் 3,000 அல்ல, 8,000 கையிலிருந்து போகும். ஒரு பக்கம் தேய்மானம் வேண்டாம் என்று கூடுதலாகப் பணம் கட்டிவிட்டு, மறுபக்கம் அதே சுமையை வேறு பெயரில் தலையில் ஏற்றிக்கொள்வது சரியான தேர்வு ஆகாது. சில நிறுவனங்கள் ஜீரோ டெப் க்ளெய்முக்கென்றே தனியாக ஒரு தொகையையும் கழிக்கின்றன. அது இருந்தால் பாலிசி ஷெட்யூலில் எழுதியிருக்கும்.

ஆயில், கூலன்ட், நட்டு போல்ட் எல்லாம் விபத்தால்தானே போச்சு? ஏன் தர மாட்டேங்கறாங்க?

அவை தேய்ந்ததற்காகக் கழிக்கப்படுவதில்லை, பாகம் என்ற கணக்கிலேயே வருவதில்லை. என்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், ஏசி கேஸ், கிரீஸ், ஸ்க்ரூ, வாஷர், கிளிப் போன்றவை கன்ஸ்யூமபிள்ஸ். இதற்குத் தனி இணைப்பு இருக்கிறது. சிறிய விபத்தில் சில நூறு ரூபாயோடு போய்விடும். ரேடியேட்டரும் கண்டென்சரும் போகும் அளவுக்கு முன்பக்கம் அடிபட்டாலோ, கியர்பாக்ஸைத் திறக்க வேண்டி வந்தாலோ தொகை ஆயிரங்களில் ஏறும். விலையும் அதிகம் இல்லாததால் ஜீரோ டெப்போடு சேர்த்து எடுப்பது நல்லது.

மழை வெள்ளத்தில் என்ஜின் போயிடுச்சு. ஜீரோ டெப் இருக்கு. கிடைக்குமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் பல பகுதிகளில் கார்கள் நீரில் நின்றன. அதுபோன்ற வெள்ளத்துக்குப் பிறகு அதிகம் மறுக்கப்படுவது இந்த என்ஜின் க்ளெய்ம்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

வெள்ளம் அடிப்படைப் பாலிசியில் ஏற்கப்பட்ட ஆபத்துதான். நின்றிருந்த வண்டிக்குள் தண்ணீர் புகுந்து கார்ப்பெட், சீட், ஒயரிங், எலெக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட் கெட்டுப்போனால் அது வெள்ளத்தின் நேரடிச் சேதம். பாலிசி தரும். தேய்மானக் கழிவை ஜீரோ டெப் நீக்கும்.

என்ஜினின் கதை வேறு. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் மேலே ஏறும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அந்த விசையில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதை ஹைட்ரோஸ்டாட்டிக் லாக் என்கிறார்கள். வெள்ளம் மட்டும் இந்தச் சேதத்தைச் செய்யவில்லை, வெள்ளத்துக்குப் பிறகு என்ஜினை ஓட்டியதுதான் செய்தது என்று நிறுவனம் சொல்லும். இப்படி ஒன்றைத் தொடர்ந்து வரும் பின்விளைவுச் சேதத்தை அடிப்படைப் பாலிசி விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே ஜீரோ டெப் இங்கே உதவாது. என்ஜின் ப்ரொடெக்ட் என்ற இணைப்பு இருந்தால்தான் வழி உண்டு.

ஸ்டார்ட் செய்யவே இல்லை என்று சொன்னால் போதுமா என்று கேட்கிறார்கள். என்ஜினைப் பிரித்ததும் தெரிந்துவிடும். நின்றிருந்த வண்டிக்குள் தண்ணீர் போனால் ஆயில் பால்போல வெளுத்திருக்கும், துரு பிடித்திருக்கும். ஆனால் ராடு தானாக வளையாது. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

எனவே தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் ஏறி நின்றிருந்தால் சாவியைத் தொடாதீர்கள். ஸ்டார்ட் பட்டன் உள்ள வண்டியில் கதவைத் திறந்து பார்க்கும்போது பழக்கத்தில் அழுத்திவிடுவார்கள், அதில் கவனம் தேவை. முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் எந்த அளவில் நிற்கிறது என்பது தெரியும்படி போட்டோ எடுத்து, க்ளெய்முக்குத் தகவல் சொல்லி, வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

அடியில் கல் இடிச்சு ஆயில் சம்ப் உடைஞ்சது. கொஞ்ச தூரம் ஓட்டினதும் என்ஜின் ஜாம். இதுவும் விபத்துதானே?

கல் இடித்தது விபத்து, சம்ப் உடைந்தது அதன் நேரடிச் சேதம். அந்தச் சம்ப்புக்கு ஜீரோ டெப்பில் முழு விலை கிடைக்கும். ஆயில் இல்லாமல் ஓட்டியதால் என்ஜின் சீஸ் ஆனது பின்விளைவு. வெள்ளத்தில் சொன்ன அதே காரணத்தால் அது மறுக்கப்படும். சில ஆயிரத்தில் முடிய வேண்டியது லட்சத்தைத் தொடும் அளவுக்குப் போவது இப்படித்தான்.

அடியில் பலமாகச் சத்தம் கேட்டால் நிறுத்தி, வண்டிக்குக் கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள். டேஷ்போர்டில் சிவப்பு நிற ஆயில் விளக்கு எரிந்தால் அருகில் இருக்கும் மெக்கானிக் கடை வரைக்கும்கூட ஓட்டக் கூடாது. என்ஜின் ப்ரொடெக்ட் எடுத்திருந்தாலும், விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியிருந்தால் கவனக்குறைவு என்று சொல்லி மறுக்க இடமிருக்கிறது.

டயர் வெடிச்சா தருவாங்களா?

டயர் மட்டும் வெடித்திருந்தால் இல்லை. அதே விபத்தில் வண்டிக்கும் சேதம் ஏற்பட்டிருந்தால்தான் அடிப்படைப் பாலிசி டயரை ஏற்கும், அதுவும் புதிய டயர் விலையில் பாதி. ஜீரோ டெப் மீதிப் பாதியையும் தருமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. சிலர் டயரையும் டியூபையும் இந்த இணைப்பிலிருந்து நீக்கியே வைத்திருக்கிறார்கள், சிலர் பேட்டரியையும். பிரசுரத்தில் இது இருக்காது. பாலிசி வாசகத்தில் இணைப்பின் கீழ் விலக்குகள் என்ற பகுதியில் இருக்கும்.

பாகத்தை மாத்தணும்னு கேட்டேன். சர்வேயர் ரிப்பேர் போதும்னுட்டார். ஜீரோ டெப் இருந்தா புதுசு போட வேண்டாமா?

புதிய பாகம் கேட்கும் உரிமையை ஜீரோ டெப் தருவதில்லை. பாகம் மாற்றப்பட்டால் அதன் விலையில் தேய்மானம் கழிக்கக் கூடாது என்பது மட்டுமே அதில் இருக்கும் வாக்குறுதி. மாற்றுவதா, தட்டி எடுப்பதா என்பதைச் சேதத்தின் அளவை வைத்துச் சர்வேயர் முடிவு செய்வார். கதவில் ஒரு டென்ட் என்றால் டிங்கரிங்தான். பம்பரில் கீறல் என்றால் பெயிண்டிங்தான்.

ஆனால் சர்வேயர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டும் என்பதும் இல்லை. பம்பரை உடலோடு பிடித்திருக்கும் லாக் முனைகள் உடைந்திருந்தால், வெளியே எவ்வளவு நன்றாகப் பூசினாலும் சில மாதத்தில் இடைவெளி விட்டு ஆடும். ஹெட்லேம்பின் பின்பக்கக் காது உடைந்திருந்தாலும் அப்படித்தான். இவை கழற்றினால்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால் சர்வேயர் வரும் நாளில் நீங்களும் இருங்கள். கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உடைந்த முனையை அருகிலிருந்து போட்டோ எடுத்து வையுங்கள்.

இன்னொரு இடத்திலும் பணம் போகிறது. முதல் எஸ்டிமேட் வெளியே தெரிவதை வைத்துப் போடுவது. பம்பரைக் கழற்றிய பிறகு உள்ளே ரேடியேட்டர் சப்போர்ட் வளைந்திருப்பது தெரியவரும். அப்போது ஒர்க்‌ஷாப் கூடுதல் எஸ்டிமேட் அனுப்பி, சர்வேயர் மறுபடி பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் வேலையைத் தொடர வேண்டும். அவசரத்தில் பாகத்தை மாற்றிவிட்டு பிறகு சொன்னால், பார்க்காத சேதம் என்று அந்த வரியை அடித்துவிடுவார்கள். பழைய பாகத்தையும் ஸ்கிராப்புக்கு அனுப்பாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். மறு ஆய்வில் அதைக் கேட்பார்கள்.

ஏற்கெனவே இருந்த கீறலையும் சேர்த்து ஒரே க்ளெய்மில் போடலாம்னு ஒர்க்‌ஷாப்பில் சொல்றாங்க.

வேண்டாம். ஒரு க்ளெய்ம் என்பது ஒரு சம்பவம். முன்பக்கம் லாரியில் மோதியதாக எழுதிவிட்டு பின் கதவுக் கீறலையும் சேர்த்தால், அடிபட்ட திசை ஒத்துவராது. கீறலில் படிந்த அழுக்கும் துருவும் அது பழையது என்று காட்டிவிடும். அந்த வரி மட்டும் தள்ளப்பட்டால் நல்லது. தவறான தகவல் கொடுத்ததாகச் சொல்லி முழு க்ளெய்மையும் சிக்கலாக்கும் வாய்ப்பும் உண்டு.

உண்மையிலேயே வேறு நாளில் நடந்த வேறு விபத்து என்றால் அது இரண்டாவது க்ளெய்ம். இன்னொரு முறை டிடக்டிபிள் கழியும், ஜீரோ டெப் எண்ணிக்கையிலும் ஒன்று குறையும்.

எண்ணிக்கையா? எத்தனை முறை வேணும்னாலும் க்ளெய்ம் பண்ணலாம்னாங்களே?

சில திட்டங்களில் வரம்பு இல்லை. பல திட்டங்களில் ஒரு பாலிசி வருடத்தில் இரண்டு முறைதான் ஜீரோ டெப் கிடைக்கும். மூன்றாவது முறை க்ளெய்மே கிடைக்காது என்று பொருள் இல்லை. அடிப்படைப் பாலிசி இருக்கிறது, தேய்மானத்தைக் கழித்துக்கொண்டு தருவார்கள்.

சின்னக் கீறலுக்கும் க்ளெய்ம் போடலாமா? ஜீரோ டெப்புக்குத்தான் பணம் கட்டியிருக்கேனே.

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கிடைக்கும் நோ க்ளெய்ம் போனஸ், முதல் புதுப்பிப்பில் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, 50 என்று ஏறும். ஒரே ஒரு க்ளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஜீரோ டெப் இதைக் காப்பாற்றாது. அதற்கு என்சிபி ப்ரொடெக்ட் என்று வேறு இணைப்பு இருக்கிறது.

மேலே பார்த்த மூன்றரை வயது கார் இதுவரை க்ளெய்ம் போடாமல் 35 சதவீதத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போனஸ் கழிப்பதற்கு முன் ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய். க்ளெய்ம் போடாவிட்டால் அடுத்த வருடம் 45 சதவீதம் கழிந்து 5,500 கட்டுவீர்கள். போட்டால் முழுதாக 10,000. முதல் வருட நஷ்டம் 4,500. அதன் பிறகு மீண்டும் 20, 25, 35, 45 என்று ஏறி வருவதற்குள், 50 சதவீதத்தில் இருந்திருக்கக்கூடிய நீங்கள் முறையே 3,000, 2,500, 1,500, 500 இழப்பீர்கள். கூட்டினால் 12,000. காரின் மதிப்பு வருடந்தோறும் இறங்குவதால் உண்மையில் இது கொஞ்சம் குறையும்.

எனவே 5,000 ரூபாய் பம்பர் பெயிண்டிங்குக்கு க்ளெய்ம் போட்டால், டிடக்டிபிள் போக 4,000 வாங்கிக்கொண்டு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இழக்கிறீர்கள். எழுபதாயிரம் ரூபாய் பில்லில் யோசிக்கவே வேண்டாம், போடுங்கள்.

கார் திருடு போனாலோ மொத்தமா நொறுங்கினாலோ புதுக் கார் விலை வருமா?

வராது. ஜீரோ டெப் பழுதுபார்க்கும் செலவுக்கு மட்டும்தான். திருட்டிலும் டோட்டல் லாஸிலும் உச்சவரம்பு ஐடிவி, அதாவது பாலிசியில் காரின் மதிப்பாக எழுதியிருக்கும் தொகை, அதிலும் டிடக்டிபிள் கழியும். பழுதுபார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினாலே டோட்டல் லாஸ் என்று வைத்துவிடுவார்கள். ஐடிவி 5 லட்சம் என்றால் 3,75,000 ரூபாயைத் தாண்டும் எஸ்டிமேட் அந்தப் பக்கம் போய்விடும்.

இந்த ஐடிவியிலேயே வயதுக்கான தேய்மானம் கழிந்திருக்கும். ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரையுள்ள காருக்கு 20 சதவீதம், நான்கிலிருந்து ஐந்து வரை 50 சதவீதம். புதிதாக வாங்கிய விலை வேண்டுமென்றால் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் இணைப்பு எடுக்க வேண்டும். பிரீமியத்தைக் குறைக்க ஐடிவியைக் குறைத்துப் போட்டவர்கள் வருந்துவது இந்தக் கட்டத்தில்தான்.

வேற எதுக்கெல்லாம் கிடைக்காது?

ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாவிட்டாலும், குடித்துவிட்டு ஓட்டியிருந்தாலும், சொந்த உபயோகத்துக்கான வண்டியை வாடகைக்கு ஓட்டியிருந்தாலும் முழு க்ளெய்மும் போய்விடும். விபத்தே இல்லாமல் வந்த மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் கோளாறும், இயல்பாகத் தேய்ந்த கிளட்ச், பிரேக் பேடும் இன்சூரன்ஸில் வராது. வெளியே பொருத்திய மியூசிக் சிஸ்டம், சிஎன்ஜி கிட் போன்றவற்றைப் பாலிசியில் தனியாகக் காட்டி பிரீமியம் கட்டியிருந்தால்தான் அவற்றுக்கு ஈடு.

எத்தனை வயசு கார் வரைக்கும் எடுக்கலாம்? நடுவுல சேர்க்க முடியுமா?

பெரும்பாலும் ஐந்து வயது வரை எளிதாகக் கிடைக்கும். சில நிறுவனங்கள் ஏழு, பத்து வயது வரையும் தருகின்றன, விலை ஏறும். உலோகத்துக்கே 40 சதவீதம் கழியும் ஐந்து வயதுக்குப் பிறகுதான் இதன் பயன் மிக அதிகம், கிடைப்பதும் அப்போதுதான் கடினம். அந்த வயதை நெருங்கும் காருக்கு ஒரு மாதம் முன்பே நாலைந்து நிறுவனங்களில் விலை கேட்டு வையுங்கள்.

பாலிசி ஓடிக்கொண்டிருக்கும்போது பொதுவாகச் சேர்க்க முடியாது, புதுப்பிக்கும்போதுதான். பழைய பாலிசியில் ஜீரோ டெப் இல்லாமல் இருந்தாலோ, புதுப்பிக்கும் தேதி தவறிப்போனாலோ வண்டியை நேரில் பார்த்த பிறகே தருவார்கள், மறுக்கவும் செய்யலாம்.

எடுப்பதா வேண்டாமா என்று தடுமாறினால், இணைப்போடு ஒரு விலை, இல்லாமல் ஒரு விலை கேளுங்கள். பிறகு உங்கள் மாடலின் ஒரு ஹெட்லேம்பும் முன் பம்பரும் என்ன விலை என்று சர்வீஸ் சென்டரில் விசாரியுங்கள். அந்த இரண்டு பாகங்களின் பாதி விலை, கூடுதல் பிரீமியத்தைவிட எத்தனை மடங்கு என்று பார்த்தால் முடிவு தெரிந்துவிடும். எல்இடி ஹெட்லேம்ப் உள்ள வண்டிகளில் அந்த வித்தியாசம் மிகப் பெரியது.

பைக்குக்கும் இது உண்டா?

உண்டு. ஸ்கூட்டரில் உடல் முழுக்க பிளாஸ்டிக் பேனல் என்பதால் பயனும் உண்டு. ஆனால் சறுக்கி விழும் சிறு விபத்தில் வரும் பில் குறைவு. விலை உயர்ந்த பைக்குக்கும், பேனல் அதிகமுள்ள புது ஸ்கூட்டருக்கும்தான் நாங்கள் பரிந்துரைப்போம்.

ஜீரோ டெப் இருந்தும் தேய்மானம் கழிச்சிருக்காங்க. என்ன செய்யணும்?

முதலில் பாலிசி ஷெட்யூலைத் திறந்து, கட்டிய பிரீமியத்தில் அந்த இணைப்புக்கான தொகை தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் வாயால் சொல்லியிருப்பார், புதுப்பிக்கும்போது விட்டுப்போயிருக்கும். எழுதியிருந்தால், சர்வே அறிக்கையின் நகலையும் க்ளெய்மைக் கணக்கிட்ட தாளையும் எழுத்தில் கேளுங்கள். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு, எந்தக் காரணத்தால் கழிந்தது என்பது அதில் வரிவரியாக இருக்கும். டிடக்டிபிள், கன்ஸ்யூமபிள்ஸ், சர்வேயர் ஏற்காத பாகம் இவை மூன்றையும் ஒதுக்கிவிட்டு, தேய்மானம் என்ற பத்தியில் ஏதாவது எண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அந்தத் தொகையைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

அங்கே தீராவிட்டால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ நடத்தும் bimabharosa.irdai.gov.in தளத்தில் புகாரைப் பதிவு செய்யலாம். நிறுவனம் ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ குறைகளை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிறுவனம் மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். பாலிசி, பில், சர்வே அறிக்கை, நீங்கள் எழுதிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்து அனுப்புங்கள்.